ஒரே புத்தகம் என்ற சூழல் எதையும் நிரூபிக்காது

பரவும் கூற்று: “‘ஒவ்வொரு மாணவரும் ஒரு புத்தகம் படித்தார்’ என்பதற்கு இரண்டு பொருள். எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்த சூழலிலும் மக்கள் இதைச் சரி என்கிறார்களே, அதுவே சான்று.”

சான்று அல்ல. ஆளுக்கொரு புத்தகம் இருந்தால் போதும் என்ற பொருளை ‘தளர்’ பொருள் என்போம்; எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்பது ‘இறுக்க’ பொருள். இறுக்கமானது உண்மையானால் தளர்ந்ததும் கட்டாயம் உண்மை. ஆகவே தளர் பொருள் மட்டுமே தெரிந்தவரும் அந்தச் சூழலில் ‘சரி’ என்றுதான் சொல்வார்.

வேறு வேறு புத்தகங்கள் படித்த சூழலில் ‘சரி’ என்றால் தளர் பொருள் இருப்பது உறுதி. இறுக்கப் பொருளைப் பிடிக்கத்தான் தந்திரம் வேண்டும்: ‘சரியாக ஒரு’ என்று மாற்றுங்கள். அப்போது ஒரு பொருள் மற்றதைத் தானாக உள்ளடக்காது.

‘ஒவ்வொரு மாணவரும் சரியாக ஒரு புத்தகத்தைப் படித்தார்.’ இதில் தளர் பொருள்: ஒவ்வொருவரும் படித்தது ஒன்றே ஒன்று. இறுக்கப் பொருள்: எல்லோரும் பொதுவாகப் படித்தது ஒன்றே ஒன்று.

மாலா க, ச என்ற இரண்டு புத்தகங்களையும் படித்தார். கண்ணன் க, ட இரண்டையும் படித்தார். வேறு மாணவர் இல்லை. இருவருக்கும் பொதுவானது க மட்டும். ஆளுக்கு இரண்டு என்பதால் தளர் பொருள் இங்கே பொய், இறுக்கப் பொருள் மெய். இங்கே ‘சரி’ என்பவரிடம் இறுக்கப் பொருள் இருக்கிறது. மாலா ச மட்டும், கண்ணன் ட மட்டும் படித்தால் நிலை தலைகீழ்.

‘தவறு’ என்ற பதிலை நம்பி அந்தப் பொருளே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. எளிதில் தோன்றும் பொருளை வைத்தே பலர் பதில் சொல்வார்கள். ‘சரியாக ஒரு புத்தகத்தை ஒவ்வொரு மாணவரும் படித்தார்’ என்று வரிசை மாற்றியும், அதே சூழலில் கேட்டு ஒப்பிடுங்கள்.