மூன்று நட்சத்திரம் எதைச் சொல்கிறது?

2019இல் வாசித்த ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு நான் மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். உப்புவெளியில் நண்பர் ஒருவர் அந்நூலைப் பற்றிக் கேட்டபோது, ஏன் மூன்று என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஒரு கதையின் பெயர்கூட வரவில்லை. அன்றிலிருந்து, வாசிப்புப் பதிவுச் செயலியில் முதலில் பார்க்க வேண்டியது நட்சத்திரத்தை அல்ல, குறிப்பு எழுதும் இடத்தைத்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

குட்ரீட்ஸ் என்ற செயலியில் முழு நட்சத்திரங்கள் மட்டுமே உண்டு. ஸ்டோரிகிராஃபில் கால் நட்சத்திரம் வரை கொடுக்கலாம். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் தடுமாறுபவர்களுக்கு இது உதவும். ஆனால் 3.75 என்று பதிந்தாலும், மொழிநடை பிடித்து முடிவு பிடிக்காமல் போனதை அந்த எண் சொல்லாது. ஆகவே நூலை முடித்த அன்றிரவே, மனதில் நின்ற ஒரு காட்சி, குறையாகப் பட்ட ஒன்று, யாருக்குக் கொடுக்கலாம் என்ற மூன்று வரிகளை எழுதிவிடுகிறேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் பின்னட்டை வாசகம்தான் கைக்கு வருகிறது.

எங்கள் ஊர் வாசகருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. திருகோணமலையில் அச்சான பல நூல்களில் பட்டைக்குறி இல்லை. கைத்தொலைபேசியின் கமராவைப் பிடித்துப் பயனில்லை. கையால்தான் சேர்க்க வேண்டும். அப்போது ஆசிரியர் பெயரை ஒருவர் தமிழிலும் இன்னொருவர் ஆங்கில எழுத்திலும் பதிந்தால், ஒரே நூல் இரண்டாகப் பிரிந்துவிடும். எனவே சேர்ப்பதற்கு முன் இரண்டு எழுத்துகளிலும் தேடிப் பாருங்கள். நூலில் அச்சாகியுள்ள பதிப்பாண்டையும் பதிப்பகத்தையும் பார்த்து எழுதுங்கள்.

ஆண்டுக்கு இருமுறையாவது பட்டியலை `CSV` கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். நான் முதன்முறை அதைக் கணினியில் நேரடியாகத் திறந்தபோது தமிழ்த் தலைப்புகளெல்லாம் புரியாத குறிகளாகத் தெரிந்ததால், பதிவுகள் அழிந்துவிட்டன என்றே பதறிப்போனேன். கோப்பில் பழுதில்லை, `UTF-8` என்று தெரிவுசெய்து உள்ளிட்டதும் எழுத்துகள் சரியாக வந்தன.

குட்ரீட்ஸ் கோப்பில் `My Rating` என்ற நிரலைக் கவனியுங்கள். மதிப்பிடாத நூலுக்கு அங்கே 0 இருக்கும். வாசித்த 40 நூல்களில் 30க்கு மட்டும் மதிப்பிட்டு, அவற்றின் கூட்டுத்தொகை 108 என்றால் சராசரி 3.6, பூச்சியங்களையும் சேர்த்து 40ஆல் வகுத்தால் 2.7 என்று வரும். அந்தப் பிழையான எண்ணைப் பார்த்து, நல்ல நூல்களே கிடைக்காத ஆண்டு என்று நான் ஒருமுறை வருந்தியிருக்கிறேன்.

அந்தச் சிறுகதைத் தொகுப்பைச் சென்ற வாரம் மறுபடி வாசித்தேன். மூன்று நட்சத்திரத்தை மாற்றவில்லை. அதன் கீழே இப்படி எழுதினேன்: “மீனவக் கிழவர் வலையைப் பிரித்துப் பேரனிடம் கொடுக்கும் காட்சி நிற்கிறது. கடைசி இரண்டு கதைகள் அவசரம். கடலை அறிந்தவருக்குக் கொடுக்கலாம்.”