'எழுபது சதவீதம் அடைப்பு' என்ற ஒரு வரியை வைத்து ஸ்டென்ட் முடிவு செய்யாதீர்கள்

பதினான்கு வருடமாக, இதய ரத்தக்குழாய்களைப் பரிசோதித்து ஸ்டென்ட் வைக்கும் கேத் லேபில் டெக்னீஷியன் வேலை. குழாய்க்குள் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் வயரை மானிட்டரோடு இணைத்து, எண்ணைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஆஞ்சியோவில் நாம் பார்ப்பது ரத்தக்குழாயை அல்ல, அதற்குள் ஓடும் மருந்தின் நிழலை. அந்த நிழல் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் கண்ணால் மதிப்பிட்டுச் சொல்வதுதான் ரிப்போர்ட்டில் வரும் சதவீதம். 2009-ல் வெளியான ஃபேம் ஆய்வில், கண்ணுக்கு 50 முதல் 70 சதவீதம் என்று தெரிந்த அடைப்புகளை அழுத்தம் வைத்து அளந்தபோது, மூன்றில் ஒன்றுதான் உண்மையில் ரத்த ஓட்டத்தைத் தடுத்தது. 71 முதல் 90 வரை என்று தெரிந்தவற்றிலும் ஐந்தில் ஒன்று தடுக்கவில்லை.

ஒரே அளவு ஒடுக்கம் ஏன் ஒருவருக்குப் பாதிப்பாகவும் இன்னொருவருக்குப் பாதிப்பில்லாமலும் இருக்கிறது? வாய்க்காலில் ஓரிடம் மண் சரிந்து குறுகியிருக்கிறது என்று வையுங்கள். கீழே ஒரு ஏக்கர்தான் பாய வேண்டும் என்றால் ஒன்றும் தெரியாது. பத்து ஏக்கர் என்றால் கடைமடை காயும். குழாய்க்குக் கீழே எவ்வளவு இதயத் தசை இருக்கிறது என்பது படத்தில் தெரியாது. அழுத்தத்தில் தெரியும்.

சமீபத்தில் வந்த ஒருவரைச் சொல்கிறேன். வயது 61. மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கம். வேறோர் இடத்தில் எடுத்த ஆஞ்சியோவில் வலது குழாயில் 80, இடது முன்குழாயின் நடுவில் 70 சதவீதம் என்று எழுதி, இரண்டு ஸ்டென்ட் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் இரண்டையும் அளந்தோம். முனையில் அழுத்தமானி உள்ள மெல்லிய வயரை முதலில் கத்தீட்டர் வாயில் நிறுத்தி, வயர் காட்டும் அழுத்தமும் கத்தீட்டர் காட்டும் அழுத்தமும் சமமாக, அதாவது விகிதம் 1.00 என்று காட்டும்படி செய்தோம். அப்புறம் அடைப்பைத் தாண்டி உள்ளே. அடினோசின் ஏற்றினால் நுண்குழாய்கள் முழுதாக விரியும், ஓட்டம் உச்சத்துக்குப் போகும். அப்போது அடைப்புக்குப் பின்னுள்ள அழுத்தத்தை முன்னுள்ளதால் வகுத்தால் வருவதுதான் எஃப்எஃப்ஆர். 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் ஸ்டென்ட்டால் பலன் இருக்கும். (காபி, டீ குடித்துவிட்டு வந்தால் அடினோசின் சரியாக வேலை செய்யாது, எண் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். முந்தின நாளே நோயாளியிடம் சொல்லிவிடுங்கள்.)

வலது குழாயில் 0.68. சந்தேகமே இல்லை. இடதில் 0.79.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். வயரை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக் கத்தீட்டர் வாய்க்குக் கொண்டுவந்தால் மறுபடி 1.00 காட்ட வேண்டும். எங்களுக்கு 0.96 காட்டியது. அழுத்தமானி நழுவியிருக்கிறது, இதை டிரிஃப்ட் என்போம். 0.02 வரை பொறுக்கலாம், இது இரண்டு மடங்கு. மறுபடி சமப்படுத்தி, மறுபடி அளந்தோம். 0.84. அந்தக் குழாய்க்கு மாத்திரை போதும் என்று டாக்டர் முடிவு செய்தார். பின்னிழுத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் தேவையில்லாத ஸ்டென்ட் ஒன்று அவருக்குள் ஆயுசுக்கும் இருந்திருக்கும்.

'ஒலி அலையால் ஐவஸ், ஒளியால் ஓசிடி என்று குழாய்க்கு உள்ளேயே படம் எடுக்கிறோமே, அதை வைத்தே முடிவு செய்யலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. செய்தால் ஸ்டென்ட் கூடும். 2022-ல் வெளியான ஃபிளேவர் ஆய்வில், நடுத்தர அடைப்புள்ளவர்களை இரு பிரிவாக்கினார்கள். ஐவஸில் தெரிந்த குழாயின் உட்பரப்பளவை வைத்து முடிவு செய்தவர்களில் 65 சதவீதம் பேருக்கு ஸ்டென்ட் போனது, எஃப்எஃப்ஆர் வைத்தவர்களில் 44 சதவீதம்தான். இரண்டு வருட முடிவில் பெரிய பாதிப்புகள் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் என் கருத்து இது: வேண்டுமா என்பதை அழுத்தத்திடம் கேளுங்கள், எப்படி வைப்பது என்பதைப் படத்திடம் கேளுங்கள். மாரடைப்பு வந்த அன்று, அதற்குக் காரணமான குழாயில் மட்டும் இந்த எண்ணை நம்பக் கூடாது. நுண்குழாய்கள் அடிபட்டிருப்பதால் சரியாக விரியாது.

படத்தின் அருமை அதே நோயாளியின் வலது குழாயில் தெரிந்தது. 3.5 மில்லிமீட்டர் ஸ்டென்ட் வைத்தாயிற்று, ஆஞ்சியோவில் அழகாக இருந்தது. ஐவஸ் கத்தீட்டரை உள்ளே விட்டு இழுத்தால், நடுவில் ஓரிடத்தில் சுண்ணாம்பு படிந்த சுவர் ஸ்டென்ட்டை விரியவிடாமல் பிடித்திருந்தது. அதே குழாயில் பக்கத்தில் நன்றாக இருந்த பகுதியின் உட்பரப்பு 8.5 சதுர மில்லிமீட்டர், அந்த இடத்தில் 4.1 மட்டும். பாதிகூட இல்லை. இப்படி விட்டால்தான் பின்னாளில் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி உறையும். கெட்டியான பலூனை 20 அட்மாஸ்பியருக்கு ஊதினோம். மறுபடி பார்த்தபோது 7.2. அதற்கப்புறம்தான், கத்தீட்டரை உள்ளே விடுவதற்காக வைத்திருந்த ஷீத் குழாயை எடுத்தோம்.