யாருக்கும் ஒரு சதமும் போகவில்லையாம்

நேற்று இரவு அந்த நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், இரத்த அழுத்தம்தான் ஏறும். பெயர் சொல்ல விரும்பவில்லை. பொருளாதாரம் படித்தவர், நன்றாகப் பேசுபவர். 2022இல் கடனைக் கட்ட முடியாமல் போன இலங்கை, பிறகு அந்தக் கடனின் அசலையும் வட்டியையும் தவணையையும் மாற்றியதைப் பற்றித்தான் பேச்சு. அவர் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வசனம்தான் என்னைத் தூங்கவிடவில்லை: "கடன் மறுசீரமைப்பில் உள்நாட்டில் யாருக்கும் ஒரு சதமும் போகவில்லை. வெட்டு விழுந்தது வெளிநாட்டு முறிக்காரருக்கு மட்டும்தான்." கீழே நூற்றுக்கணக்கில் இதயக் குறிகள் வேறு.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முறி என்றால் அரசாங்கம் கடன் வாங்கும்போது கொடுக்கும் பத்திரம், வெட்டு என்றால் அதில் திருப்பித் தராமல் குறைக்கும் பங்கு.

2021 டிசம்பரில் ஒரு தொழிலாளியின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் பத்து இலட்சம் ரூபா இருந்தது என்று வையுங்கள். 2022ஆம் ஆண்டுக்கு நிதி கொடுத்த வட்டி 9 வீதம். ஆக வருட முடிவில் பத்து இலட்சத்துத் தொண்ணூறாயிரம். புத்தகத்தில் பார்த்தால் கூடியிருக்கிறது. ஆனால் அதே டிசம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் முந்திய வருடத்தைவிட 57 வீதம் உயர்ந்திருந்தது. செப்டம்பரில் அது 70 வீதத்தைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கியது. அப்படியென்றால் அந்தப் பத்து இலட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு, பழைய விலையில் ஏழு இலட்சத்துக்கும் கொஞ்சம் குறைவான சாமான்தான் வாங்கலாம். போனது முப்பது வீதம். டொலரில் பார்க்கப் போனால் இன்னும் மோசம். ரூபா ஒரு டொலருக்கு இருநூறை ஒட்டி இருந்தது, வருட முடிவில் 363. ஏறத்தாழ ஐயாயிரம் டொலராக இருந்த சேமிப்பு, வட்டியும் சேர்த்து மூவாயிரமாக நின்றது.

இப்போது வெளிநாட்டு முறிக்காரரைப் பார்ப்போம். பழைய முறிகளைக் கொடுத்துப் புது முறிகளை எடுத்த, 2024 டிசம்பரில் முடிந்த பரிமாற்றத்தில் பெரும்பாலானோர் எடுத்த முறியில் அசலிலிருந்து வெட்டியது 27 வீதம். சேர்ந்துபோன வட்டியில் வெட்டு 11 வீதம்.

27 பெரிதா, 30 பெரிதா? இதற்குப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை.

"அண்ணை, அது கடன் மறுசீரமைப்பால் வந்ததல்ல, பணவீக்கத்தால் வந்தது, இரண்டையும் குழப்புகிறீர்கள்" என்று இப்போதே இரண்டு பேர் தட்டச்சுச் செய்யத் தொடங்கியிருப்பீர்கள். குழப்பவில்லை. ஒரு நாடு ரூபாவில் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போனால், மறுசீரமைப்பு என்று கையெழுத்து வாங்கித்தான் வெட்ட வேண்டும் என்று ஒன்றுமில்லை. மத்திய வங்கி பணத்தை அச்சிட்டு, அரசாங்கத்தின் குறுகியகாலக் கடன் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களை வாங்கினாலே போதும், பழைய ரூபாக் கடனின் பாரம் தானாகக் கரையும். சேமலாப நிதியின் காசும் அந்த ரூபாக் கடனில்தான் இருந்தது, நமக்கு அதுதான் நடந்தது. ரூபாவை இருநூறை ஒட்டிப் பிடித்து வைத்திருந்தார்கள், 2022 மார்ச் 7ஆம் திகதி கையை விட்டார்கள், மே மாதம் அது 360 ஆனது. இடையில் ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று அறிவித்தார்கள். வெளிநாட்டுக்காரனின் முறி டொலரில், நியூயோர்க் சட்டத்தின் கீழ் இருந்தது. அதை அச்சடித்துக் கரைக்க முடியாது. ஆகவே அவனோடு இரண்டரை வருடம் மேசையில் இருந்து பேசினார்கள். நம்முடைய ரூபாவைக் கரைக்க யாரோடும் பேச வேண்டியிருக்கவில்லை.

என் சின்னக்கா கட்டுநாயக்கப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் தைத்தவர். பெயர் வேண்டாம், அவருக்கு முகநூல் பிடிக்காது. சம்பளத்தில் 8 வீதம் அவரிடம் பிடித்தார்கள், 12 வீதம் கம்பனி போட்டது. ஐம்பது வயதானதும் எடுத்து ஊரில் பாதியில் நிற்கும் வீட்டுக்கு மேல்தட்டு போடுவது அவருடைய திட்டம். அவருக்கு ஐம்பது வந்தது 2022 கடைசியில். முன்பு ஆயிரத்துச் சொச்சம் விற்ற சீமெந்து மூட்டை அப்போது மூவாயிரத்தைத் தொட்டிருந்தது. கம்பி விலையை நான் சொல்லவே வேண்டாம். மேசன் வந்து அளந்து, காகிதத்தில் எழுதி, அந்தக் காகிதத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போனார். இன்றைக்கும் அந்த வீட்டுக்குத் தகரம்தான். ஒரு சதமும் போகவில்லையாம்!

அக்கா எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். உள்ளே இருந்தவர்களுக்கு நடந்தது அடுத்த கட்டம். 2023 ஜூன் கடைசியில் ஐந்து நாள் வங்கிகளைப் பூட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஹஜ் பெருநாள், ஒரு விசேட விடுமுறை, சனி, ஞாயிறு, பிறகு போயா. வங்கிக் கணக்கில் கை வைக்கப் போகிறார்கள் என்று சனம் பயந்து கிடந்தது. ஜூலை முதலாம் திகதி, சனிக்கிழமை, பாராளுமன்றத்தில் 122க்கு 62 என்று நிறைவேற்றினார்கள். வங்கி வைப்புகளில் கை வைக்கவில்லை. வங்கிகள் வைத்திருந்த ரூபாத் திறைசேரி முறிகளிலும் கை வைக்கவில்லை. சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதிகளிடம் மட்டும்தான் பழைய முறிகளைக் கொடுத்துவிட்டுப் புது நீண்டகால முறிகளை எடுக்கச் சொன்னார்கள். 2027இலிருந்து 2038 வரை முதிர்வு, முதலில் சில வருடம் 12 வீத வட்டி, பிறகு முதிர்வு வரை 9 வீதம்.

"அது விருப்பத் தெரிவுதானே, யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லையே" என்பார்கள். மாறாவிட்டால் திறைசேரி முறி வருமானத்துக்கான வரி 14 வீதத்திலிருந்து 30 வீதம் என்றார்கள். நூறு ரூபா வட்டி வந்தால் 86 கையில் நின்ற இடத்தில் 70 நிற்கும். இதற்குப் பெயர் விருப்பம் என்றால் எனக்கு மேலே கதைக்கத் தெரியாது. அதோடு முடிவை எடுத்தது தொழிலாளியும் இல்லை. நிதியை அப்போது நிருவகித்தது மத்திய வங்கியின் நாணயச் சபை. அரசாங்கத்தின் கடனைச் சமாளிக்கிற வேலையில் இருந்த அதே நிறுவனம்தான் கடன் கொடுத்தவனுக்காகவும் தலையாட்டியது.

இனி வங்கிகள். இங்கே கொஞ்சம் நியாயமாகப் பேசுகிறேன். வங்கிகளை விட்டதற்குக் காரணம் இருந்தது. அவற்றிடம் இருந்த, அரசாங்கம் வெளிநாட்டில் விற்ற டொலர் இறைமை முறிகளும், இலங்கை அபிவிருத்தி முறிகள் என்று அரசாங்கம் உள்நாட்டில் டொலரில் விற்றதும் ஏற்கெனவே அடிபட்டுவிட்டன. அபிவிருத்தி முறிக்குக் கொடுத்த தெரிவுகளில் ஒன்றில் அசலில் 30 வீத வெட்டு, இன்னொன்றில் வெட்டு இல்லை ஆனால் வட்டி 1.5 வீதம். இதற்கு மேல் நாடு முறிந்த பிறகு வெளிநாட்டு வங்கிகள் இறக்குமதிக்குக் காசு கட்டுவோம் என்று நம் வங்கிகள் கொடுக்கும் கடன் கடிதங்களை ஏற்க மறுத்தன. மருந்தும் எரிவாயுவும் துறைமுகத்தில் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வாங்கியவர்கள் கட்டாத கடனும் ஏறியது. இந்த நிலையில் ரூபா முறிகளையும் வெட்டியிருந்தால் வங்கிகளின் மூலதனம் ஓட்டையாகி, அதை நிரப்ப அரசாங்கமே திரும்பவும் கடன் வாங்க வேண்டி வந்திருக்கும். சனம் வரிசையில் நின்று வைப்பை எடுக்கத் தொடங்கினால் எந்த வங்கியும் தாங்காது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒப்புக்கொண்டதோடு இதையும் சொல்லுங்கள். 2022 கடைசியில் ஒரு வருடத் திறைசேரி உண்டியலின் வட்டி முப்பது வீதத்தை ஒட்டி இருந்தது. கையில் காசு இருந்தவர் வாங்கினார். அந்த உண்டியல்களை மறுசீரமைப்பு தொடவில்லை. அடுத்த வருடம் பணவீக்கம் மளமளவென்று இறங்கியது, அவருக்கு முழு வட்டியும் வந்தது. வங்கிகளும் டொலர் முறிகளுக்காக ஒதுக்கி வைத்த நட்டத்தில் ஒரு பகுதியை 2024இல் பரிமாற்றம் முடிந்ததும் இலாபத்துக்குத் திருப்பி எழுதிக்கொண்டன. தையல் மெஷினில் இருந்த பிள்ளைக்கு அந்த முப்பது வீத உண்டியலை வாங்கும் வழி இருந்ததா? அவளுடைய காசு பூட்டிக் கிடந்தது. பூட்டிக் கிடந்ததால்தானே கை வைத்தார்கள். ஓடக்கூடிய காசை யாரும் தொடமாட்டார்கள், தொட்டால் ஓடிவிடும்.

"2023இல் சேமலாப நிதி 13 வீதம் கொடுத்ததே?" கொடுத்தது. நல்லது. 2022இல் போனது அதனால் திரும்பி வந்ததா? அடுத்த கேள்வி.

வெளிநாட்டு முறிக்காரருக்காக அழுகிறவர்களுக்கும் ஒன்று. அவர்களில் இரண்டு வகை. நூறு டொலர் கொடுத்து முறியை வாங்கி வைத்திருந்தவருக்கு உண்மையிலேயே நட்டம், அதை மறுக்கவில்லை. ஆனால் 2022இல் அதே முறி சந்தையில் முப்பதை ஒட்டி விழுந்து கிடந்தது. அப்போது வாங்கியவருக்கு அசலில் 27 வெட்டியபின் 73 முகப்பெறுமதியில் புது முறி, மேலதிகமாக நிலுவை வட்டிக்கு இன்னொரு முறி. புது முறியின் சந்தை விலை முகப்பெறுமதியைவிடக் குறைவுதான், இருந்தாலும் அவர் அழவில்லை. இதற்குள்ளும் வராமல் ஒரு வங்கி, ஹமில்டன் ரிசேர்வ், 2022 ஜூலையில் முதிர வேண்டிய ஒரு பில்லியன் டொலர் முறித் தொடரில் கால்பங்குக்கு மேல் வைத்துக்கொண்டு நியூயோர்க் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தத் தொடரின் நிபந்தனைகளை மாற்ற 75 வீத வாக்கு வேண்டும். கால்பங்குக்கு மேல் ஒருவர் கையில் இருந்தால் மற்ற எல்லோரும் சேர்ந்தாலும் முடியாது. பார்த்தீர்களா, வெளிநாட்டுக்காரனுக்கு வாக்கு இருந்தது, வழக்குப் போட நீதிமன்றம் இருந்தது.

இன்னொன்றும் நெஞ்சில் கிடக்கிறது. 2022 ஜனவரி 18ஆம் திகதி, நாட்டில் டொலர் தீர்ந்துகொண்டிருந்தபோது, 500 மில்லியன் டொலர் முறியை முழுசாகக் கட்டினார்கள். இப்போதே நிறுத்திவிட்டுப் பேசுங்கள் என்று பலர் கத்தினார்கள், கேட்கவில்லை. மே மாதத் தொடக்கத்தில், பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியனுக்கும் குறைவு என்று நிதியமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார். அந்த 500 மில்லியன் மூன்று மாதம் எரிவாயு வரிசையில் நின்ற சனத்துக்கு உதவியிருக்காதா? "அப்படிக் கட்டாமல் விட்டிருந்தால் நற்பெயர் போயிருக்கும்" என்கிறார்கள். மூன்று மாதத்தில் போனதுதானே! நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னூட்டத்தில் எனக்கு ஒரு நிறம் பூசிவிடுவீர்கள்.

கடைசியாக, அந்த நேரலையில் யாரும் வாய் திறக்காத ஒரு விஷயம். வெளிநாட்டு முறிக்காரருக்குக் கொடுத்த புது முறிகளில் ஒரு வகை நாட்டின் பொருளாதாரத்தோடு கட்டப்பட்டது. 2025 முதல் 2027 வரை மொத்த உள்நாட்டு உற்பத்தி டொலரில் எதிர்பார்த்ததைவிடக் கூடினால், அவர்களுக்கு வெட்டு குறையும், கொடுப்பனவு கூடும். குறைந்தால் அவர்களுக்கும் குறையும், அது நியாயம். கேட்டு வாங்கினார்கள், கிடைத்தது. சேமலாப நிதிக்குக் கொடுத்த முறியில் அப்படி ஒரு வசனம் இல்லை. இந்த நாடு ஏற்றுமதி செய்து டொலர் சேர்க்கப்போவது அந்தப் பிள்ளைகள் தைக்கும் உடுப்பாலும் மலையகத்தில் பறிக்கும் தேயிலையாலும்தான். அவர்களுடைய முறியில் 2038 வரை 9 வீதம் என்று எழுதியிருக்கிறது.

கணக்கில் பிழை என்பவர்கள் உங்கள் கணக்கைப் பின்னூட்டத்தில் போடுங்கள். சிரிப்புக் குறி போடுகிறவர்களை மட்டும் தடைசெய்வேன்.