மின்னழுத்தம் சுழி என்றால் மின்புலமும் சுழியா?

"பிளஸ் டூ இயற்பியல் ஒரு மார்க் டிப்ஸ்: எங்கே மின்னழுத்தம் சுழியோ, அங்கே மின்புலமும் சுழி. ஷேர் பண்ணுங்க!"

இது தவறு. 20 செ.மீ. இடைவெளியில் +1, −1 நானோகூலும் மின்னூட்டங்களை வையுங்கள். நடுப்புள்ளியில் ஒன்று +90 வோல்ட் தருகிறது, மற்றது −90. கூட்டினால் சுழிதான். ஆனால் நேர் மின்னூட்டம் தள்ளும் பக்கமே எதிர் மின்னூட்டமும் இழுப்பதால், புலம் மீட்டருக்கு 900 + 900 = 1800 வோல்ட்.

மின்னழுத்தம் என்பது ஓரலகு நேர் மின்னூட்டத்தை முடிவிலாத் தொலைவிலிருந்து அங்கே கொண்டுவரச் செய்யும் வேலை. செங்குத்து இருசமவெட்டி வழியாகக் கொண்டுவந்தால் வழிநெடுக விசை பாதைக்குச் செங்குத்தாகவே இருக்கும். வேலை சுழியாவது அதனால்தான். விசை இல்லாததால் அல்ல.

புலத்தைச் சொல்வது மின்னழுத்தத்தின் மதிப்பு அல்ல, அதன் சரிவு: E = −dV/dx. நடுவிலிருந்து நேர் மின்னூட்டம் பக்கம் 1 செ.மீ. நகர்ந்தால் 100 − 81.8 = +18.2 வோல்ட், மறுபக்கம் −18.2. ஆக 2 செ.மீ.க்குள் 36.4 வோல்ட் இறக்கம், அதாவது மீட்டருக்குச் சுமார் 1820. இந்த 2 செ.மீ. தூரத்தைக் குறைக்கக் குறைக்க 1800-ஐ நெருங்கும். கழிக்குறி திசையைச் சொல்கிறது: புலம் இறக்கத்தை நோக்கி.

தலைகீழாகவும் பொருந்தாது. இரண்டுமே +1 என்றால் நடுவில் 180 வோல்ட், புலமோ சுழி.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூலின் நிலைமின்னியல் பாடத்தில், மின் இருமுனைப் பகுதியில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.