அந்த வரியை எடுத்தது யார்?

"பிராம்ப்ட் ரொம்ப நீளமா இருந்துச்சு, கொஞ்சம் சுருக்கிட்டேன்." மொழி மாடலுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் கட்டளையான பிராம்ப்டைப் பற்றி எங்கள் டீம் குரூப்பில் வந்த செய்தி இவ்வளவுதான். எந்த வரியை எடுத்தார், ஏன் எடுத்தார், எடுத்த பிறகு ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்தாரா? ஒரு தகவலும் கிடையாது. கீழே நாலு பேர் ‘சூப்பர்’ என்று வேறு போட்டிருக்கிறார்கள். என்ன சூப்பர்? எதைப் பார்த்துச் சொன்னீர்கள்?

அவர் எடுத்த அந்த வரி அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அதற்கு ஒரு கதை இருக்கிறது. அதை யாரும் எழுதி வைக்காததால்தான் இன்றைக்கு இந்தக் கூத்து.

வேலை என்னவென்றால், வாடிக்கையாளர்கள் அனுப்பும் மெயில்களை மொழி மாடல் படித்து நான்கு வகையாகப் பிரிக்க வேண்டும்: பணம் திரும்பக் கேட்பவை, டெலிவரி தாமதம், பொருள் பழுது, மற்றவை. கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் மனிதர்கள் நம் வசதிக்காக வகை பிரித்து மெயில் எழுதுவதில்லையே. "பொருள் உடைஞ்சு வந்திருக்கு, காசைத் திருப்பிக் கொடுங்க" என்று ஒருவர் எழுதினால் அது பழுதா, பணமா? பிராம்ப்டின் ஏழாவது பதிப்பில் ‘பொருத்தமான ஒரு வகையைத் தேர்ந்தெடு’ என்று மட்டும்தான் இருந்தது. இந்த மாதிரி இரண்டும் கலந்த மெயில்களை மாடல் ஒரு நாள் இந்தப் பக்கமும் மறுநாள் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தது.

எட்டாவது பதிப்பில் ஒரு வாக்கியம் சேர்ந்தது: ‘ஒன்றுக்கு மேற்பட்ட விஷயம் இருந்தால், வாடிக்கையாளர் நம்மை என்ன செய்யச் சொல்கிறாரோ அதை வைத்து முடிவு செய்.’ சோதனைக்கென்று எடுத்து வைத்திருந்த 40 மெயில்களில் முன்பு 31 சரியாக வந்தன, இப்போது 34. உடனே கைதட்டல். ‘வி8 நல்லா வருது’ என்று ஒருவர் எழுதினார். எங்கள் பதிவுக் கோப்பில் அந்தப் பதிப்புக்கு எதிரே இன்றைக்கும் இருப்பது அந்த மூன்று சொற்கள்தான்.

எனக்கு வயிறு எரிவது இங்கேதான். 31 எப்படி 34 ஆனது? மூன்று மெயில் புதிதாகச் சரியாகிவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? கிடையாது. ஆறு சரியாயின, மூன்று கெட்டுப்போயின. முன்பு ஒழுங்காக ‘டெலிவரி தாமதம்’ என்று வந்துகொண்டிருந்த மூன்று மெயில்கள் ‘மற்றவை’க்குப் போய்விட்டன. மொத்த எண்ணிக்கையை மட்டும் குறித்து வைத்தால் இந்த மூன்றும் கண்ணில் படவே படாது. மெயில் வாரியாகப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த மூன்றையும் திறந்து பார்த்தால் காரணம் பளிச்சென்று இருக்கிறது. மூன்றிலும் வாடிக்கையாளர் எதையும் கேட்கவில்லை, திட்டியிருக்கிறார், அவ்வளவுதான். "இதுதான் உங்க லட்சணமா, இன்னும் வரல" என்கிற ரகம். நாம் மாடலிடம் ‘என்ன செய்யச் சொல்கிறார் என்று பார்’ என்றோம். அவர்கள் எதையும் செய்யச் சொல்லாததால் அது ‘மற்றவை’ என்றது. சொன்னதைத்தான் செய்திருக்கிறது, பாவம். அதனால் ஒன்பதாவது பதிப்பில் இன்னொரு வரி வந்தது: ‘எதையும் கேட்காமல் குறை மட்டும் சொன்னால், என்ன நடந்தது என்பதை வைத்து முடிவு செய்.’ கெட்டுப்போன மூன்றும் திரும்பி வந்தன, வேறு எதுவும் கெடவில்லை, 37 ஆனது.

நம்ம ஆள் ‘நீளமா இருக்கு’ என்று வெட்டி எறிந்தது இந்த ஒன்பதாவது பதிப்பின் வரியைத்தான். படித்துப் பார்த்தால் யாருக்கும் அது முந்தைய வரியின் வால் மாதிரிதான் தெரியும். அவர் மேல் கோபம் இருக்கிறது, ஆனால் பாதிதான். மீதிக் கோபம் ‘நல்லா வருது’ என்று எழுதிவிட்டுப் போன மகானுபாவர் மேல். எட்டாவது பதிப்புக்கு எதிரே இப்படி நாலு வரி இருந்திருந்தால் போதும்:

```
version: 8   (parent: 7)
model: தேதியோடு கூடிய முழுப் பெயர்
temperature: 0
change: "என்ன செய்யச் சொல்கிறாரோ அதை வைத்து" வரி சேர்ப்பு
why: இரண்டு விஷயம் கலந்த மெயில்கள் தடுமாறுகின்றன
result: 31 -> 34 / 40
fixed: 4, 11, 19, 22, 30, 37
broken: 8, 15, 33
note: கெட்ட மூன்றிலும் கோரிக்கை இல்லை, திட்டு மட்டும்
```

இதை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? சோதனையை ஓட்டி முடித்த கையோடு எழுதினால் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். இதில் `fixed`, `broken` என்ற இரண்டு வரிகள்தான் உயிர். ஒன்பதாவது பதிப்பு பிறந்ததே அந்த `broken` வரியிலிருந்துதான். அடுத்து வருகிறவர் ஒரு வரியில் கை வைத்ததும் 8, 15, 33 ஆகிய மூன்று மெயில்களை மட்டும் ஓட்டிப் பார்த்தாலே அவை திரும்ப உடைந்தனவா என்று தெரிந்துவிடும்.

"அதெல்லாம் கிட்டில் இருக்கிறதே" என்று, கோப்பு மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் மென்பொருளைக் காட்டி ஒரு கோஷ்டி வரும். இருக்கிறது, ஐயா. எந்தச் சொல் போய் எந்தச் சொல் வந்தது என்பது அங்கே இருக்கிறது. ஏன் வந்தது, வந்த பிறகு என்ன ஆனது என்பதை யார் எழுதியிருக்கிறீர்கள்? ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும்போது எழுதும் கமிட் செய்தியைத் திறந்தால் `updated prompt`. அடுத்தது `updated prompt again`. பிராம்ப்ட் மாறியிருக்கிறது என்று எனக்கும் தெரியும், அதனால்தானே அதைத் திறந்தேன்! பிராம்ப்ட் கிட்டில் இருப்பது நல்லதுதான், இருக்க வேண்டிய இடமும் அதுதான். ஆனால் அதே கமிட்டில் மேலே காட்டிய குறிப்பும் சேர்ந்து போக வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் சொல் மாற்றப் பட்டியல்.

இதைவிடக் கொடுமை, ஒரே நேரத்தில் இரண்டு மூன்றை மாற்றுவது. வரியை வெட்டிய அதே வாரத்தில் இன்னொருவர் மாடலையும் மாற்றிவிட்டார். மூன்றாவது ஆள், பிராம்ப்டுக்குள் இருந்த மாதிரி மெயில்களின் வரிசையைக் கலைத்து ‘அழகாக’ அடுக்கினார். மாதிரிகளின் வரிசை மாறினாலே விடை மாறக்கூடும் என்பது இந்தத் துறையில் ஊரறிந்த விஷயம். இப்போது தப்பு கூடியிருக்கிறது. எதனால்? வரியா, மாடலா, வரிசையா? மூன்றையும் பழையபடி வைத்து, ஒவ்வொன்றாக மாற்றி, 40 மெயிலையும் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். அந்தத் திருப்பணி யார் தலையில் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை.

மாடல் பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பதிவில் பொதுப் பெயரை மட்டும் போட்டு வைக்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் பதிப்பை வழங்குகிறவர்கள் பிறகு மாற்றலாம். நம் பக்கம் ஓர் எழுத்துகூட மாறாமல் விடை மாறும். தேதி ஒட்டிய முழுப் பெயர் இருந்தால் அதைத்தான் எழுத வேண்டும், விடை எவ்வளவு மாறி மாறி வரலாம் என்பதை அமைக்கும் டெம்பரேச்சரும் கூடவே. டெம்பரேச்சரைச் சுழியத்தில் வைத்துவிட்டால் எப்போதும் ஒரே விடைதான் வரும் என்றும் நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் வரும், சில நேரம் வராது. அதனால்தான் ஒரே ஒரு ஓட்டத்தில் 36 வந்து, அடுத்த பதிப்புக்கு 37 வந்ததும் ‘முன்னேற்றம்’ என்று குதிப்பவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. 40-ல் ஒன்று கூடுவதும் குறைவதும் எந்த மாற்றமும் செய்யாமலே நடக்கும். பழைய பதிப்பையே மூன்று நான்கு முறை ஓட்டி அது தானாக எவ்வளவு ஆடுகிறது என்று முதலில் பாருங்கள். அந்த ஆட்டத்தைத் தாண்டினால்தான் பேச்சு.

அப்புறம், அந்த 40 மெயிலையே பார்த்துப் பார்த்துச் செதுக்கினால் பிராம்ப்ட் அந்த 40-க்கு மட்டும் கெட்டிக்காரன் ஆகிவிடும். செதுக்கும்போது யாரும் தொடாத இன்னொரு கட்டு மெயில் தனியே இருக்க வேண்டும். இதை ஆரம்பத்திலேயே சொன்னேன், ‘பிறகு பார்க்கலாம்’ என்றார்கள். சரி, அந்தப் பஞ்சாயத்து இன்னொரு நாளைக்கு.

தோற்றுப்போன சோதனைகளை எழுதாமல் விடுவது அடுத்த வியாதி. ‘படிப்படியாக யோசித்துவிட்டு விடை சொல்’ என்று ஒரு பதிப்பில் சேர்த்துப் பார்த்தோம். வகையின் பெயர் மட்டும் வர வேண்டிய இடத்தில் ஒரு பத்தி விளக்கம் வந்தது, அதைப் படிக்க வேண்டிய நிரல் திணறியது, எடுத்துவிட்டோம். எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு புது ஆளும் வந்தவுடன் உற்சாகமாக அதே யோசனையைச் சொல்கிறார், அதே மாதிரி ஓட்டுகிறார், அதே இடத்தில் முட்டிக்கொள்கிறார். ‘செய்து பார்த்தோம், விடையின் வடிவம் உடைந்தது’ என்று ஒரு வரி இருந்திருந்தால், அவர் அங்கிருந்து ஒரு படி மேலே போயிருப்பார். யோசனையை ஓரிடத்திலும் முடிவை வேறிடத்திலும் எழுதச் சொல்லிப் பார்க்கலாமே என்று கேட்டிருப்பார். அது உருப்படியான கேள்வி.

பதிவு எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களா? பாதி குரூப் அரட்டையில் ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கிறது. படத்திலிருந்து பிராம்ப்டைத் திரும்ப டைப் அடிக்கச் சொல்கிறார்களா? அரட்டையில் ஒட்டியதை நகலெடுத்தாலும் நிம்மதி இல்லை, சில செயலிகள் நேர் மேற்கோள் குறியைச் சுருள் குறியாக்கிவிடும், வரி இடைவெளியையும் விழுங்கிவிடும். மீதிப் பாதி `final_new2.txt` என்ற பெயரில் இருக்கிறது. பக்கத்திலேயே `final_new2_correct.txt`. எது இப்போது ஓடிக்கொண்டிருப்பது என்று கேட்டால், ‘கரெக்ட்னு போட்டிருக்கறதுதான்னு நினைக்கிறேன்’ என்கிறார்கள்.

இதற்கு நடுவில் பதிவு ஒழுங்காக வைக்கிறேன் என்று கிளம்பிய ஒரு புண்ணியவான், சோதனை மெயில்களை வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், வீட்டு முகவரியோடு அப்படியே கோப்பில் கொட்டி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார். பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டுப் போட்டாலும் வகை பிரிப்பது அப்படியேதானே நடக்கும்? இதை யார் சுத்தம் செய்வது என்று கேட்டேன். ‘போட்டவங்கதான் செய்யணும்’ என்று ஒரே குரலில் தீர்ப்பு. போட்டது யார் என்றுதான் எந்தக் கோப்பிலும் எழுதவில்லையே!