டிலே போடாமல் ரேஸ்-த்ரூ எப்படித் தெரியும்?

மூன்று D லாட்ச் வரிசையாக. ஒன்றின் Q அடுத்ததன் D-க்குப் போகிறது, மூன்றுக்கும் ஒரே கிளாக். "டைமிங் டயகிராமைப் பூர்த்தி செய்க" என்று கேள்வி. விடைக்குறிப்பில் Q1, Q2, Q3 பல்ஸுக்கு ஒன்றாகப் படிக்கட்டு மாதிரி ஏறுகின்றன. அது கிளாக்கின் விளிம்பில் மட்டும் மாறும் ஃபிளிப்-ஃபிளாப்புக்கான விடை! லாட்ச்சுக்குச் சரியாக வரைந்த பிள்ளைக்குத்தான் மார்க் போயிற்று. வயிறு எரிகிறது.

போட்டுத்தான் பார்ப்போமே. ஒவ்வொரு லாட்ச்சுக்கும் டிலே 10 நானோசெகண்ட். கிளாக் 100-இல் ஏறி 140-இல் இறங்குகிறது. அடுத்தடுத்த பல்ஸ்கள் 200-இலும் 300-இலும், அதே அகலத்தில். D 80-இல் ஏறி 150-இல் இறங்குகிறது. கிளாக் உயர்ந்திருக்கும் வரை மூன்று லாட்ச்சும் திறந்தே கிடக்கின்றன. Q1 110-இல் ஏறும், அதைப் பார்த்து Q2 120-இல், Q3 130-இல். 140-இல் கதவு மூடும்போது 1,1,1! ஒரே பல்ஸில் ஒரு பிட் கடைசி வரை ஓடிப்போய்விட்டது. இதுதானே ரேஸ்-த்ரூ? பல்ஸுக்கு ஓர் அடி என்றால் வந்திருக்க வேண்டியது 1,0,0.

இந்த 110, 120, 130 கண்ணில் பட்டால்தான் விஷயமே புரியும். ஆனால் நோட்ஸ் போடுகிறவர்கள் டிலேயைப் பூஜ்யமாக்கி, எல்லா விளிம்பையும் கிளாக்கோடு ஒரே கோட்டில் ஒட்டிவிடுகிறார்கள். எது எதைத் துரத்தியது என்று பிள்ளைகள் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்?

ஒன்று திறக்கும்போது மற்றது மூடும்படி இரண்டு லாட்ச்சைச் சேர்த்த மாஸ்டர்-ஸ்லேவ் ஃபிளிப்-ஃபிளாப்பை வரைவதில் இன்னொரு கொடுமை. உள்ளே இருக்கும் மாஸ்டரின் கோட்டை யாருமே போடுவதில்லை. அந்த ஒரு கோட்டைப் போடுங்களேன்! அந்த மூன்று லாட்ச்சுக்குப் பதில் மூன்று மாஸ்டர்-ஸ்லேவ் என்றால், முதல் மாஸ்டர் 110-இல் 1 ஆகிறது. ஸ்லேவ் மூடியிருப்பதால் Q1 அசையவில்லை. 140-இல் கிளாக் இறங்கியதும் மாஸ்டர் மூடி ஸ்லேவ் திறக்கிறது, 150-இல் Q1 ஏறுகிறது. அந்த நேரம் இரண்டாவது மாஸ்டரும் மூடித்தான் இருக்கிறது. அதனால் அந்த 1 அங்கேயே நிற்கிறது. 250-இல் Q1 இறங்கி Q2 ஏறும், 350-இல் Q3. பல்ஸுக்கு ஓர் அடி, அவ்வளவுதான்.

"பல்ஸைச் சுருக்கினால் லாட்ச்சே போதுமே" என்பவர்களும் உண்டு. Q1-இன் மாற்றம் வந்து சேரும் முன் இரண்டாவது லாட்ச் மூடியாக வேண்டும். அதாவது பல்ஸ் 10 நானோசெகண்டுக்குள் அடங்க வேண்டும். அதே சமயம் முதல் லாட்ச் D-யைப் பிடிக்கிற அளவுக்கு நீளமாகவும் இருக்க வேண்டும். அந்த டிலேயோ சிப்புக்குச் சிப்பு மாறும், சூட்டுக்கும் மாறும். இன்றைக்கு ஓடும் சர்க்யூட் நாளைக்கு இன்னொரு சிப் போட்டதும் காலை வாரிவிடும்.

கேள்வித்தாளில் டிலே இத்தனை என்று ஒரு வரி எழுதுங்கள். மாஸ்டருக்கு ஒரு வெற்றுக் கோடு விடுங்கள். இரண்டும் முடியாதென்றால் தயவுசெய்து அந்தக் கேள்வியையே கேட்காதீர்கள்.