இரவு 9:30க்குப் பிறகும் கேமரா ஓடட்டும்

இரண்டு மாதத்துக்கு முன், சிங்கப்பூரில் நான் வேலை செய்யும் மருத்துவமனையில் தாதியர் ஆள்சேர்ப்புக்கு ஒரு காணொளி எடுத்தார்கள். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். தமிழ்க் குரலுக்கு ஆள் வேண்டும் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். பதினான்கு வருடமாக வார்டில் இருப்பவள், சரளமாகத் தமிழ் பேசுவாள், அவ்வளவுதான் தகுதி.

ஸ்கிரிப்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. நான்காவது காட்சி இப்படி:

"மாலை ஷிஃப்ட் முடிகிறது. தாதி புன்னகையோடு கையசைத்துவிட்டு வெளியே வருகிறார். பின்னால் நகர விளக்குகள். குரல்: நெகிழ்வான வேலை நேரம், குடும்பத்தோடு இருக்க எனக்கு நேரம் தருகிறது."

படித்தபோது பேன்ட்ரியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அந்த வாரம் என் ரோஸ்டரில் செவ்வாய் பிஎம், புதன் ஏஎம்.

வார்டில் இல்லாதவர்களுக்கு இது புரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் வார்டில் பிஎம் இரவு 9:30க்கு முடியும், ஏஎம் காலை 7 மணிக்குத் தொடங்கும். காகிதத்தில் நடுவில் ஒன்பதரை மணி நேரம் இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்றால், 9 மணிக்கு நைட் ஆள் வந்தாள், பாஸ் ரிப்போர்ட் ஆரம்பித்தோம். என் பொறுப்பில் எட்டு நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் என்ன நோய், டிரிப் எவ்வளவு ஓடுகிறது, அடுத்த ஆன்டிபயாட்டிக் எத்தனை மணிக்கு, நாளை அறுவைசிகிச்சைக்குப் பட்டினி யார், எழுந்தால் விழுந்துவிடக்கூடியவர் யார் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஐந்தாவது கட்டிலில் நிற்கும்போது பரிசோதனைக்கூடத்திலிருந்து போன். ஒரு தாத்தாவுக்குப் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கிறது. அதை நைட்டுக்கு விட்டுவிட்டுப் போக முடியாது. டாக்டருக்குச் சொல்லி, ஈசிஜி எடுத்து, மருந்து கொடுத்து, எல்லாவற்றையும் பதிந்து முடித்தபோது மணி 10:15.

உட்லண்ட்ஸில் என் வீட்டுக்கதவைத் திறக்கும்போது 11:20. குளித்து, ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டு, தூக்கம் வரும்போது 12:30. அலாரம் 5 மணிக்கு. நாலரை மணி நேரம்.

வீட்டுக்குத் தாமதமாகப் போவதைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. மறுநாள் காலை 8 மணி மருந்து ரவுண்டில் இன்சுலின் ஆர்டரை ஒருமுறை படித்தேன், மனதில் நிற்கவில்லை. மறுபடி படித்தேன். மூன்றாவது முறையும் அதே வரி. எனக்கு அது ஓர் அடையாளம். ஒரே வரியை மூன்றாவது முறை படித்தால் மருந்து வண்டியை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிட்டு, நோயாளியின் கைப்பட்டையில் பெயரையும் அடையாள எண்ணையும் என்னோடு சேர்ந்து பார்க்கச் சொல்வேன். பதினான்கு வருடத்தில் பழகிய பழக்கம் அது. படித்து முடித்து நேராக வரும் பிள்ளைக்கு யார் சொல்வது? இந்தக் காணொளியைப் பார்த்து வந்தவள், "எல்லாரும் புன்னகையோடு வீட்டுக்குப் போகிறார்கள், எனக்குத்தான் முடியவில்லை" என்று தன்னையே குறை சொல்லிக்கொள்வாள். ஆறு மாதத்தில் ராஜினாமா கடிதம் எழுதுவாள். அவள் விட்டுப்போன ரோஸ்டர் ஓட்டையை அடைப்பது யார்? நாங்கள்தான், இன்னும் இரண்டு பிஎம்-ஏஎம் போட்டு.

இதையெல்லாம் தகவல் பிரிவுத் தம்பியிடம் சொன்னேன். நல்ல பையன். "அக்கா, இதைக் காட்டினா யாரும் சேர மாட்டாங்க" என்றான்.

நான் எல்லாவற்றையும் அழுகையாகக் காட்டச் சொல்லவில்லையே. ரோஸ்டர் போடும் முன் வேண்டிய நாளைக் கேட்டு எழுதலாம், எல்லாம் கிடைக்காது, சில கிடைக்கும். ஆள் கிடைத்தால் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளலாம். நைட் தொடர்ந்து இரண்டோ மூன்றோ வரும், முடிந்து வீட்டுக்குப் போகும் அந்தப் பகல் தூங்கியே போய்விடும், அதை ஆஃப் என்று கணக்கில் வைக்காதே. இவ்வளவுதான். இதைச் சொல்ல பதினைந்து விநாடி போதும். "நெகிழ்வான" என்ற ஒரு சொல்லை எடுத்தால் அந்த இடம் கிடைத்துவிடும்.

அப்புறம் பணம். திரையில் பெரிய எழுத்தில் "100,000 வெள்ளி" என்று போட்டிருந்தார்கள். தாதியரைத் தக்கவைக்க 2024இல் அறிவித்த ஏஞ்சல் திட்டத்தைச் சொல்கிறார்கள். பொதுத்துறையில் இருக்கும் 46 வயதுக்குக் குறைந்த தாதியருக்கு அது உண்மையான திட்டம், நல்ல திட்டம். ஆனால் அது 20 வருடத்தில் மொத்தமாகச் சேரக்கூடிய உச்சத் தொகை. நாலிலிருந்து ஆறு வருடத்துக்கு ஒருமுறை 20,000 முதல் 30,000 வெள்ளி என்று பிரித்துத் தருவார்கள். பக்கத்தில் அதையும் எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள், சின்ன எழுத்தில்.

படப்பிடிப்பு நாள் தனிக் கூத்து. மேக்கப் போடும் பெண் எங்கள் நர்ஸுக்கு அழகான வாட்ச் கட்டிவிட்டாள். முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது, வாட்ச், வளையல் எல்லாம் கழற்று என்று தினமும் கத்தும் இடம் இது. நோயாளியைப் படம் பிடிக்க அனுமதி வாங்க வேண்டும், அதனால் கட்டிலில் படுத்திருந்தவர் எங்கள் போர்ட்டர் அங்கிள். அவர் உண்மையிலேயே தூங்கிவிட்டார். முதல் டேக்கில் பின்னால் பக்கத்துக் கட்டிலின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது, மறுபடி எடுத்தார்கள்.

என்னை உறுத்தியது ஊழியர் பேட்டிதான். சேர்ந்து எட்டு மாதமான ஒரு பெண். கேமராவுக்குப் பின்னால் வார்டு மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். "இங்கே எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி" என்றாள். வேறென்ன சொல்வாள்?

மதியம் பேன்ட்ரியில் அதே பெண் சொன்னது வேறு. முதல்முறை அவள் நோயாளிக்கு நாடி நின்றபோது அலாரத்தை அழுத்திவிட்டாள், அதற்கு மேல் கால் நகரவில்லை. சீனியர் ஓடிவந்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்தவர், அவளைத் திட்டவில்லை. பேனாவைக் கையில் திணித்து, "நேரத்தை மட்டும் எழுது. எந்த மருந்து எத்தனை மணிக்கு, அதை மட்டும் பார்" என்றாராம். எழுத எழுத கை நடுக்கம் நின்றது. எல்லாம் முடிந்து விடிகாலை 4 மணிக்கு அந்த அக்கா மைலோ கலக்கிக் கொடுத்து, பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை வரிசையாகத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறார்.

ஸ்கிரிப்டில் "எப்போதும் உங்களுக்குத் துணை" என்று இருந்ததே, அதற்கு அர்த்தம் இந்த பத்து நிமிடம். அதற்கும் வரம்பு உண்டு. ஆரம்பத்தில், வேலை பழக்கிவிடும் சீனியரான பிரிசெப்டரோடு ஒரே ஷிஃப்டில் போடுவார்கள். பிறகு ரோஸ்டர் பிரியும். நைட்டில் சீனியருக்கும் அவருடைய நோயாளிகள் இருப்பார்கள், மைலோ கலக்க நேரம் இல்லாத இரவுகளும் வரும். அதையும் அவளே சொல்லட்டும் என்று தம்பியிடம் கேட்டேன். மேனேஜரை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி பேட்டி எடுத்தான். அதற்கு அவனுக்குத் துணிச்சல் வேண்டும், பாராட்டுகிறேன்.

இறுதி வடிவத்தில் பேனாவும் மைலோவும் பன்னிரண்டு விநாடி வருகின்றன. நான்காவது காட்சியில் நகர விளக்குகள் அப்படியே இருக்கின்றன, விட மனசு வரவில்லை போல. ஆனால் தாதி இப்போது கையசைக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறாள், திரையின் ஓரத்தில் 10:20, கீழே "நாளை காலை 7 மணி". பிஎம்-ஏஎம் மாதத்தில் எத்தனை முறை வரும் என்ற எண்ணை மட்டும் போட மறுத்துவிட்டார்கள், வார்டுக்கு வார்டு மாறுமாம். சரி, மாறும்தான். நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகள், போகப்போகும் வார்டின் பெயரைச் சொல்லி அந்த எண்ணை நேராகக் கேளுங்கள்.